லைட் வெயிட்டில் ஃபெயிலியர் வரை போனால் பெரிய மோட்டார் யூனிட்டுகள் ஏன் வேலைக்கு வருகின்றன?

தனிமரம்

எங்கள் அபார்ட்மென்ட் ஜிம்மில் ஒரு லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின் இருக்கிறது. அதில் 20 கிலோவுக்கு மேல் போட முடியாது, மேலே உள்ள தட்டுகள் எல்லாம் சிக்கிக்கொண்டு நிற்கின்றன. வேறொரு ஜிம்மில் இதே மாதிரி மெஷினில் 60 கிலோ வைத்து, முக்கி முனகி ஒரே ஒரு ரெப் எடுத்திருக்கிறேன். அதாவது இங்கே இருப்பது என் மேக்ஸில் மூன்றில் ஒரு பங்கு.

பழைய ட்ரெயினரிடம் கேட்டால், "லைட் வெயிட்டுக்குச் சின்ன நார்களே போதும், பெரிய ஃபாஸ்ட் நார்கள் கனமாகத் தூக்கினால்தான் எழும்" என்கிறார். ஆனால் இன்னொரு ரெப் முடியவே முடியாது என்கிற ஃபெயிலியர் வரை போனால் லைட் வெயிட்டிலும் பெரிய மோட்டார் யூனிட்டுகள், அதாவது ஒரு நரம்பு செல்லும் அதன் கீழ் உள்ள நார்களும் சேர்ந்த பெரிய தொகுப்புகள், வேலையில் இறங்கிவிடும் என்று பல இடங்களில் படிக்கிறேன். எனக்குப் புரியாதது இதுதான். முதல் ரெப்பிலும் 20 கிலோ, முப்பதாவது ரெப்பிலும் அதே 20 கிலோ. எடை ஏறவில்லை. அப்புறம் எதற்காக உடம்பு பெரிய யூனிட்டுகளைக் கூப்பிடுகிறது?

இரும்படி

ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. இது ஃபாக்டரி ஷிஃப்ட் மாதிரி. முதலில் சின்ன நார்கள் வேலை செய்யும். அவை களைத்துப் போய் வீட்டுக்குக் கிளம்பும். அடுத்த ஷிஃப்ட்டுக்குப் பெரிய நார்கள் வரும். முப்பதாவது ரெப்பில் தூக்குவது முழுக்க ஃபாஸ்ட் நார்கள்தான். அதனால்தான் அங்கே நடுக்கம் வருகிறது.

கருப்பட்டி காபி

லைட் வெயிட், அதிக ரெப் எல்லாம் கட்டிங் டயத்துக்குத்தானே? கொழுப்பு கரைந்து தசை கோடு கோடாகத் தெரியும். சைஸ் வேண்டுமென்றால் பல்க் பண்ணும்போது கனமாகத் தூக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இரும்படி

அவர் கேட்டது அது இல்லீங்க. தொடையில் கோடு விழுவது சாப்பாட்டுத் தட்டில் முடிவாகிற விஷயம்.

ரேவதி_பிசியோ

தனிமரம், உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. எடை மாறவில்லை என்பது சரி. அதைத் தூக்கும் தசை மாறிவிட்டது.

கணக்காகப் பார்க்கலாம். எண்கள் சும்மா விளக்கத்துக்கு. களைப்பே இல்லாத நிலையில் உங்கள் தொடையால் 60 கிலோ முடியும், மெஷினில் 20 இருக்கிறது. முதல் ரெப்பில் உங்கள் திறனில் மூன்றில் ஒரு பங்கு போதும். பத்துப் பதினைந்து ரெப் கழித்து, வேலையில் இருக்கும் நார்கள் களைத்து, மொத்தத் திறன் 40 கிலோவுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். இப்போது அதே 20 கிலோ உங்கள் திறனில் பாதி. இன்னும் போகப் போகத் திறன் 25-க்கு வந்துவிட்டால் 20 கிலோ என்பது ஐந்தில் நான்கு பங்கு. எந்த ரெப் பாதியிலேயே நின்றுவிடுகிறதோ, அந்த இடத்தில், அந்த வேகத்தில், உங்கள் முழுத் திறனும் 20 கிலோதான். தண்டுவடத்தில் இருக்கும் மோட்டார் நியூரான்களுக்கு மெஷினில் எத்தனை தட்டு இருக்கிறது என்று தெரியாது. மேலிருந்து எவ்வளவு உந்துதல் வருகிறது என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரியும். நீங்கள் எவ்வளவு முயல்கிறீர்களோ, அந்த அளவுக்கு உந்துதல் வரும்.

இரும்படி சொன்ன ஷிஃப்ட் கதையில் ஒரு விஷயம் சரி: சின்னவை முதலில், பெரியவை பின்னால். ஆனால் சின்னவை வீட்டுக்குப் போவதில்லை. அவை கடைசி ரெப் வரைக்கும் உள்ளேயேதான் இருக்கும். பெரியவை அவற்றோடு வந்து சேர்ந்துகொள்கின்றன.

தனிமரம்

நன்றி மேடம். ஆனால் ஏன் எப்போதும் சின்னதே முதலில்? மூளை தேர்ந்தெடுக்கிறதா?

ரேவதி_பிசியோ

மூளைக்கு அந்த வேலையே இல்லை. ஒவ்வொரு யூனிட்டையும் தனித்தனியாகக் கூப்பிட வேண்டுமென்றால் தொடையை அசைப்பதற்கே நேரம் போதாது.

ஒரு மோட்டார் யூனிட் என்பது ஒரு நரம்பு செல்லும், அது ஆட்டிவைக்கும் தசை நார்களும் சேர்ந்தது. சின்ன செல்லின் கீழ் கொஞ்சம் நார்கள், பெரிய செல்லின் கீழ் நிறைய நார்கள். செல் சின்னதாக இருந்தால் அதன் சவ்வின் பரப்பு குறைவு, அதனால் மின்தடை அதிகம். ஒரே அளவு மின்னோட்டம் இரண்டுக்கும் வந்தாலும் சின்ன செல்லில் வோல்டேஜ் அதிகம் ஏறும். பள்ளியில் படித்த ஓம் விதிதான், வேறொன்றும் இல்லை. அதனால் சுடுவதற்கான வாசலைச் சின்னது முதலில் தாண்டிவிடுகிறது. உந்துதல் கூடக் கூட அடுத்தடுத்த அளவு செல்கள் தாண்டும்.

அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த எல்வுட் ஹென்னமன் இதைப் பூனைகளின் பின்னங்காலில் பார்த்தார். தசையை இழுக்க இழுக்க, நரம்பு வேரில் முதலில் சின்னச் சின்ன மின்துடிப்புகள், பிறகு பெரியவை என்று வரிசையாகத் தோன்றின. இழுப்பைத் தளர்த்தினால் பெரியவை முதலில் அடங்கின. 1965-இல் குழுவாக வெளியிட்ட கட்டுரைகளில் இதை விரிவாக எழுதினார்கள். அதிலிருந்துதான் இதற்கு அளவு விதி என்று பெயர்.

ஆக, பெரிய யூனிட்டை எழுப்புவது எடை இல்லை, உந்துதல். கனமான எடை முதல் ரெப்பிலேயே அந்த உந்துதலைக் கேட்கிறது. லைட் வெயிட் கடைசியில்தான் கேட்கிறது.

எலும்புக்கூடு

ஒரு இடறல். களைப்பினால் திறன் குறைந்தது, சரி. ஆனால் களைத்தது யார்? முதல் பத்து ரெப்பில் வேலை செய்தவை சின்ன யூனிட்டுகள் என்றால், அவை எளிதில் களைக்காத ஸ்லோ நார்கள் ஆயிற்றே! மணிக்கணக்கில் நிற்பதற்கும் நடப்பதற்கும் உள்ளவை. அவை எப்படி ஒரே நிமிடத்தில் மடங்குகின்றன?

ரேவதி_பிசியோ

நல்ல கேள்வி. இதை நான் முதலிலேயே சொல்லியிருந்தால் நீளமாகப் போயிருக்கும்.

மூன்றில் ஒரு பங்கு எடை என்பது ஸ்லோ நார்களால் மட்டும் தூக்கக்கூடிய எடை இல்லை. நடையோடு ஒப்பிட்டால் அது ரொம்ப அதிகம். தூக்கும் வேகமும் உண்டு. அதனால் நடுத்தர யூனிட்டுகள் கொஞ்சம் முதல் ரெப்பிலேயே வந்திருக்கும். அவைதான் முதலில் தளரும். அவை விட்ட பங்கை நிரப்ப அவற்றுக்கு மேலே உள்ளவை வரும். அவை இன்னும் சீக்கிரம் தளர்பவை. இப்படித்தான் கடைசி ஐந்தாறு ரெப்பில் எல்லாம் சட்டென்று கனத்துப்போகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. தசை இறுகியிருக்கும்போது உள்ளே ரத்த ஓட்டம் தடைபடுகிறது. ஆக்ஸிஜன் போதாமல் போகும்போது ஸ்லோ நார்களின் சகிப்புத்தன்மைக்கும் ஆதாரம் இல்லாமல் போகிறது. தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருக்கும் நரம்பு செல்லும் மெல்ல மந்தமாகும். அதே வேகத்தில் சுட அதற்கு முன்பைவிட அதிக உந்துதல் வேண்டும். அந்தக் கூடுதல் உந்துதல் அந்த செல்லுக்கு மட்டும் போவதில்லை. அக்கம்பக்கத்தில் இருக்கும், இன்னும் எழாத பெரிய செல்களுக்கும் சேர்ந்தே போகிறது.

இது கற்பனை இல்லை. 2003-இல் ஆடம், டி லூகா என்ற இருவர், தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசி மின்முனை வைத்து, முழு பலத்தில் 20 சதவீத அளவு இறுக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். களைப்பு ஏற ஏற யூனிட்டுகள் முன்பைவிடக் குறைந்த பலத்திலேயே எழுந்தன, புதியவை சேர்ந்தன. வரிசை மட்டும் மாறவே இல்லை. இரும்படியின் ஷிஃப்ட் கதைக்கு எதிராக நான் வைக்கும் சாட்சி இதுதான்.

இரும்படி

சரி, ஷிஃப்ட்டை விட்டுவிடுகிறேன். ஆனால் இது எல்லாம் ஆய்வகக் கதை. நான் நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்திருக்கிறேன். பிங்க் டம்பெல் வைத்து முப்பது ரெப் அடிப்பவர்கள் யாருக்கும் கை வளர்ந்ததில்லை.

ரேவதி_பிசியோ

வளர்ந்திருக்காது. அவர்கள் முப்பதில் நிறுத்துவது அட்டையில் முப்பது என்று எழுதியிருப்பதால். இன்னும் முப்பது போயிருக்க முடியும். உந்துதல் ஏறவே இல்லை.

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2010-இல் செய்த ஒரு ஆய்வு இதற்கு நேரான பதில். லெக் எக்ஸ்டென்ஷன்தான், தனிமரத்தின் மெஷின். ஒரு பக்கம் மேக்ஸில் 90 சதவீதம் வைத்து ஃபெயிலியர் வரை. இன்னொரு பக்கம் 30 சதவீதம், ஆனால் மொத்த வேலை அந்த 90 சதவீத செட்டுக்குச் சமமாகும் இடத்தில் நிறுத்தம். மூன்றாவதாக அதே 30 சதவீதம், ஃபெயிலியர் வரை. பிறகு தசையில் துளி எடுத்து, புதிய புரதம் எவ்வளவு உருவாகிறது என்று அளந்தார்கள். பாதியில் நிறுத்திய 30 பின்தங்கியது. ஃபெயிலியர் வரை போன 30, 90-க்கு ஈடு கொடுத்தது. எடை ஒன்றே, நிறுத்திய இடம்தான் வேறு.

அது ஒரு நாள் அளவு மட்டும். அதே இடத்தில் 2012-இல் பத்து வாரம் பயிற்சி கொடுத்து 30-ஐயும் 80-ஐயும் ஒப்பிட்டார்கள், இரண்டும் ஃபெயிலியர் வரை. தொடையின் வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு ரெப் மேக்ஸ் 80 பக்கம் அதிகம் ஏறியது. கனமாகத் தூக்கும் பலம் வேண்டுமென்றால் கனமாகத் தூக்கிப் பழக வேண்டும். அதில் இரும்படியோடு எனக்குச் சண்டை இல்லை.

சுந்தரம் 62

அம்மா, என் அனுபவத்தைச் சொல்கிறேன். முழங்கால் சவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு கனமான எடை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தொடையில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டி, சின்ன எடையில் முதலில் முப்பது, பிறகு மூன்று முறை பதினைந்து என்று செய்ய வைத்தார்கள். நாலு கிலோதான், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுவும் நீங்கள் சொல்லும் விஷயமா? நானே வீட்டில் கயிறு கட்டிச் செய்யலாமா?

ரேவதி_பிசியோ

ஐயா, அதே விஷயத்தின் குறுக்குவழிதான் அது. ஜப்பானில் காட்சு என்ற பெயரில் வளர்ந்த முறை. ரத்தம் திரும்பிப் போவதைத் தடுப்பதால் களைப்பு சீக்கிரம் வருகிறது, அதனால் உந்துதலும் சீக்கிரம் ஏறுகிறது. 20, 30 சதவீத எடையிலேயே சில ரெப்புகளில் பெரிய யூனிட்டுகள் பக்கம் போய்விடலாம்.

கயிறு மட்டும் வேண்டாம். அங்கே கட்டியது அகலமான பட்டை, எவ்வளவு அழுத்தம் என்று அளந்து கட்டுவார்கள். மெல்லிய கயிறு ஒரே இடத்தில் நரம்பை நசுக்கும். ரத்த உறைவு, பிரஷர் இருந்தால் இன்னும் ஆபத்து. உங்களுக்குச் செய்தவர்களிடமே கேட்டுத் தொடருங்கள்.

எலும்புக்கூடு

மீண்டும் நான். ரேவதி மேடம் சொல்வதில் பெரும்பகுதி ஒத்துக்கொள்கிறேன், ஆனால் "எல்லாப் பெரிய யூனிட்டுகளும் வந்துவிடும்" என்பது நிரூபணமான விஷயம்போல ஓடுகிறது. தசைமேல் ஒட்டும் மின்முனையில் பார்த்தால், லைட் வெயிட்டில் ஃபெயிலியர் ஆகும் நேரத்திலும் இ.எம்.ஜி. என்னும் தசை மின்அலையின் உயரம் கனமான எடையின் அளவுக்கு வருவதில்லை. ஒன்றிரண்டு ஆய்வில் இல்லை, பல ஆய்வில்.

அப்புறம், ஃபெயிலியரில் முழுத் திறனே 20 கிலோ என்றீர்கள். 20 கிலோவில் தோற்ற மறுகணமே அசையாத பட்டையை எதிர்த்து முழு பலத்தில் உதைக்கச் சொல்லி அளந்தால், மூன்றில் ஒரு பங்கைவிட நிச்சயம் அதிகம் வரும். அப்படியானால் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது.

ரேவதி_பிசியோ

இரண்டும் நியாயமான அடி. தனித்தனியாகச் சொல்கிறேன்.

இ.எம்.ஜி. உயரத்தை வைத்து யூனிட்டுகளை எண்ண முடியாது. எத்தனை யூனிட் வந்தன என்பதோடு, ஒவ்வொன்றும் எத்தனை வேகத்தில் சுடுகிறது, களைத்த நாரில் மின்துடிப்பின் வடிவம் எப்படி மாறுகிறது, எதிரெதிர்த் துடிப்புகள் எவ்வளவு ஒன்றையொன்று அழிக்கின்றன எல்லாம் அந்த ஒரே அலையில் கலந்திருக்கும். கனமான எடையில் எல்லா யூனிட்டுகளும் ஒரே சமயத்தில் புதிதாக, வேகமாகச் சுடுகின்றன. லைட் வெயிட்டில் கடைசி ரெப்பில் சிலது களைத்து, சிலது புதிதாக. உயரம் குறைவதற்கு அதுவே போதும்.

அதனால் வேறு வழியில் பார்த்தவர்கள் உண்டு. 2019-இல் மார்ட்டன் குழு, 30 சதவீதம், 80 சதவீதம் இரண்டையும் ஃபெயிலியர் வரை செய்ய வைத்து, தசைத் துளியில் ஒவ்வொரு வகை நாரிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு எரிபொருள் எவ்வளவு கரைந்தது என்று பார்த்தார்கள். வேலை செய்யாத நாரில் அது அப்படியே இருக்கும். ஃபாஸ்ட் நார்களில் இரண்டு எடையிலும் கரைந்திருந்தது.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. 2018-இல் மடில் குழு, அசையாத இறுக்கத்தில் 30-ஐயும் 70-ஐயும் தோற்கும் வரை பிடிக்க வைத்து, அலையைத் தனித்தனி யூனிட்டுகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். 30-இல் பெரிய யூனிட்டுகள் கூடின, ஆனால் 70-இல் வந்த அளவுக்கு வரவில்லை. ஆக "பெரியவை வரும்" என்பதில் சந்தேகம் இல்லை. "கடைசி ஒன்று வரை வரும்" என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி. ரெப் நிற்பது மெஷினில் உங்களுக்குப் பலம் குறைந்த கோணத்தில், பெரும்பாலும் கால் முழுதாக நீளும் இடத்தில். அசையாத பட்டையில் நீங்கள் அளக்கப்போவது முழங்கால் மடங்கிய, பலம் கூடிய கோணத்தில். சுருங்கிக்கொண்டே நகரும் தசைக்கு அசையாத தசையைவிட பலமும் குறைவு. சில நொடி ஓய்வே கொஞ்சம் பலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். இவ்வளவும் போக ஏதாவது மிச்சம் இருந்தால், அது தசையிலிருந்து வரும் வலி நரம்புகள் உந்துதலைக் கீழே இழுத்ததால் இருக்கலாம். லைட் வெயிட்டில் எரிச்சல் அதிக நேரம் நீடிப்பதால் அந்த இழுப்பும் அதிகமாக இருக்கலாம்.

எலும்புக்கூடு

"இருக்கலாம்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். அது போதும் எனக்கு. கிளைக்கோஜன் கரைந்தது என்றால் நார் எப்போதோ வேலை செய்தது என்றுதான் அர்த்தம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் சுட்டது என்று தெரியாது. என் சந்தேகம் அங்கே இன்னும் நிற்கிறது.

ரேவதி_பிசியோ

நிற்கட்டும். அதில் உங்களை அசைக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

தனிமரம்

நடைமுறைக் கேள்வி. 20 கிலோவில் ஃபெயிலியரை நெருங்கிவிட்டேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருபதாவது ரெப்பிலேயே தொடை பற்றி எரிகிறது. அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

இரும்படி

எரிச்சல் வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். அங்கே நிறுத்தினால் தப்பில்லை.

ரேவதி_பிசியோ

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எரிச்சல் என்பது உள்ளே சேரும் கழிவைப் பற்றிய செய்தி. உந்துதலைப் பற்றிய செய்தி இல்லை. லைட் வெயிட்டில் எரிச்சல் முதலில் வந்துவிடும், தோல்வி ரொம்ப தள்ளி இருக்கும். நடுவில் இருக்கும் ரெப்புகளில்தான் பெரிய யூனிட்டுகள் சேர்கின்றன. எரிச்சலில் நிறுத்துபவர் அதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து போய்விடுகிறார்.

பார்க்க வேண்டியது வேகம். நீங்கள் முழு முயற்சியோடு உதைக்கும்போதும் கால் மெதுவாகத்தான் மேலே போகிறது என்றால் நெருங்கிவிட்டீர்கள். வேண்டுமென்றே மெதுவாகச் செய்வது கணக்கில் வராது. செட்டை ஒருமுறை போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். ஐந்தாவது ரெப் எடுத்த நேரத்தையும் கடைசி ரெப் எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டால், நெருங்கியவர்களுக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டும் ஒரே நேரம் என்றால் இன்னும் நிறைய மிச்சம். அதோடு கால் முழுதாக நீளாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கும். பின்பக்கத்தைத் தூக்கி, உடம்பை ஆட்டி எடுப்பதை ரெப்பாக எண்ணாதீர்கள்.

ஒரு முறையாவது உண்மையான தோல்வி வரை போய் எண்ணிக்கை என்னவென்று பாருங்கள். மிச்சம் எத்தனை ரெப் என்று ஊகிப்பதில், ரெப் எண்ணிக்கை கூடக் கூட எல்லோருமே மோசம். ஏழு ரெப் செட்டில் ஒன்றிரண்டு தவறும். முப்பது ரெப் செட்டில் பத்துகூடத் தவறலாம்.

கருப்பட்டி காபி

அப்போது ஸ்குவாட்டையும் இப்படி லைட்டாக வைத்து ஐம்பது, அறுபது போகலாமா?

ரேவதி_பிசியோ

போகலாம், ஆனால் அங்கே தோற்பது தொடையாக இருக்காது. மூச்சு முட்டும், முதுகு தளரும், அதற்குள் தொடையின் பெரிய யூனிட்டுகள் எழுந்திருக்காது. ஒரே மூட்டு அசையும் பயிற்சிகளில்தான் இந்த முறை சுத்தமாக வேலை செய்யும். லெக் எக்ஸ்டென்ஷன், கர்ல், சைடு ரெய்ஸ் மாதிரி.

இரும்படி

அப்படியே இருந்தாலும் 80 சதவீதத்தில் எட்டு ரெப்பில் முடிகிற வேலைக்கு ஏன் நாற்பது ரெப் சாக வேண்டும்? அங்கே ஃபெயிலியர் வரைகூடப் போக வேண்டியதில்லை. முதல் ரெப்பிலேயே பெரியவை வந்துவிட்டன என்று மேடமே சொல்லியாயிற்று.

ரேவதி_பிசியோ

உண்மை. கனமாகத் தூக்குபவர் இரண்டு மூன்று ரெப் மிச்சம் வைத்தாலும் பெரிதாக இழப்பதில்லை. லைட்டாகத் தூக்குபவருக்கு அந்தச் சலுகை இல்லை. வசதி இருந்தால் நானும் கனமான பக்கம்தான் போவேன். தனிமரத்துக்கு வசதி இல்லை.

தனிமரம்

கடைசியாக ஒன்று. செட்டுக்கு நடுவே முப்பது நொடிதான் ஓய்வு எடுக்கிறேன், களைப்பு கூடினால் பெரியவை சீக்கிரம் வரும் என்று. சரிதானா?

ரேவதி_பிசியோ

சீக்கிரம் வரலாம், ஆனால் எரிச்சலும் மூச்சும் அதைவிடச் சீக்கிரம் வந்து உங்களை நிறுத்திவிடும். இரண்டு நிமிடம் விடுங்கள். அதைவிட நல்ல வழி, ஒரு காலால் செய்யுங்கள். இரண்டு காலுக்கு 60 கிலோ என்றால் ஒரு காலுக்கு மேக்ஸ் சுமார் 30 கிலோ இருக்கும். அந்த 20 கிலோ திடீரென்று மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிடும், நாற்பது ரெப் போராட்டமே தேவைப்படாது.

தனிமரம்

இது எனக்குத் தோன்றவே இல்லை! இன்றைக்கு மாலை ஒரு காலால் முயன்று பார்த்து, எத்தனையில் நிற்கிறது என்று எழுதுகிறேன்.

சுந்தரம் 62

தம்பி, முதலில் அந்த மெஷினை ரிப்பேர் பண்ணச் சொல்லுங்கள்.